மார்பகம் எடுத்த பிறகு கணவரிடமிருந்து ஒளிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் அவர் முன்னால் துணி மாற்ற முடியவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. புற்றுநோய்க்காக என் இடது மார்பகத்தை எடுத்தபோது எனக்கு 42 வயது. முதலில் வீட்டுக்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நைட்டி மாற்றினேன். அப்புறம் அதுவும் முடியாமல் போய், குளியலறைக்குள்ளேயே எல்லாவற்றையும் உடுத்திக்கொண்டுதான் வெளியே வருவேன். ஈரத் தரையில் புடவை கட்டினால் கரை முழுக்க நனையும். நனைந்தால் நனையட்டும் என்று பதினொரு மாதம் அப்படியே ஓடியது.

இப்போது வாரத்தில் ஒரு நாள் புற்றுநோய் வார்டுக்குப் போய், ஆபரேஷன் ஆன பெண்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். ஒளியும் விதம் வீட்டுக்கு வீடு மாறும். மகளுக்குப் பரீட்சை என்று அவள் அறையில் படுப்பார்கள். 'அம்மாவுக்கு முடியவில்லை' என்று தாய் வீட்டிலேயே மாதக்கணக்கில் தங்குவார்கள். அவர் தூங்கும்வரை சமையலறையில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு எப்போதும் இருக்கும்.

இதில் ஒன்றை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். இந்த ஒளிதல் ஆரம்பிக்கும்போது தவறே இல்லை. முதல் இரண்டு வாரம் நெஞ்சில் குழாய் இருக்கும், தையல் இருக்கும், கை தூக்க முடியாது. அப்போது யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்வது புண்ணுக்கு நல்லது. ஆனால் புண் ஆறிய தேதியை டாக்டர் சொல்கிறார், ஒளிவதை நிறுத்தும் தேதியை யாரும் சொல்வதில்லை. அதனால் புண் போன பிறகும் பழக்கம் தங்கிவிடுகிறது.

நானே இன்னும் அந்த இடத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. முதலில் அவருக்குக் காட்ட வேண்டுமா?

முதலில் நீங்கள் பாருங்கள். உங்களுக்கே தெரியாத ஒன்றை அவருக்குக் காட்டப் போனால், அவர் முகத்தில் வரும் ஒவ்வொரு அசைவையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

என்ன இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நடு நெஞ்சிலிருந்து அக்குள் பக்கமாக ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குக் குறுக்காகவோ சாய்வாகவோ ஒரு கோடு. மார்பகம் முழுவதையும் எடுத்திருந்தால் பெரும்பாலும் காம்பும் இருக்காது. தோலுக்கு அடியிலேயே விலா எலும்பு தட்டுப்படும். சிலருக்கு அந்த இடம் குழிந்துகூட இருக்கும். கோடு முடியும் அக்குள் ஓரத்தில் கொஞ்சம் தோல் மடிந்து தொங்கலாம். நிறம் முதலில் சிவந்தும் கறுத்தும் இருக்கும், தடித்தும் இருக்கும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் அது மெல்ல மங்கித் தட்டையாகும். நெஞ்சிலும் மேல் கையின் உட்புறத்திலும் மரத்துப்போயிருக்கும், ஏனென்றால் அந்த வழியாகப் போகும் நரம்புகள் ஆபரேஷனில் பாதிக்கப்படுகின்றன. இல்லாத மார்பகத்தில் அரிக்கிற மாதிரி இருப்பதும் உண்டு. பயப்பட வேண்டாம், அது மூளை பழைய உடம்பை நினைத்துக்கொண்டிருப்பதால் வருவது.

நான் பார்த்த விதம் இதுதான். முதலில் குளிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, சோப்பு போட்ட கையால் தடவிப் பார்த்தேன். இரண்டு மூன்று நாள் அவ்வளவுதான். அப்புறம் குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்கு வர இன்னும் ஒரு வாரம் ஆனது. கதவைத் தாழிட்டு, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அழுதேன். மறுநாள் மறுபடி பார்த்தேன்.

புண் முழுக்க மூடிய பிறகு, பொதுவாக ஆறு வாரம் போல ஆகும், சர்ஜனிடம் கேட்டுக்கொண்டு தினமும் சில நிமிடம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை மெல்ல நீவிவிடலாம். தோல் அடியில் ஒட்டி இழுப்பது குறையும். கதிர்வீச்சு நடக்கும் வாரங்களில் மட்டும் இது வேண்டாம். இன்னொரு லாபம், தினமும் தொடும் இடம் சீக்கிரம் அந்நியமாக இல்லாமல் போகும். புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ, அந்த இடம் சூடாகச் சிவந்து காய்ச்சல் வந்தாலோ அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்காமல் காட்டுங்கள்.

அவர் என்னைத் தொடுவதே இல்லை. கட்டிலின் ஓரத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறார். என்னைப் பிடிக்காமல் போய்விட்டதுதானே?

அப்படியும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கிறது. என் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது குழாயோடுதான் அனுப்பினார்கள். நெஞ்சில் ஊறும் நீர் ஒரு டப்பாவில் இறங்கும். அதைக் காலையும் மாலையும் அளந்து கொட்ட வேண்டும். அந்த வேலையை அவர்தான் செய்தார். எங்கள் கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதுவார்: 140 மில்லி, 110, 85, 60. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்து இரண்டு நாள் அப்படியே இருந்த பிறகுதான் குழாயை எடுத்தார்கள். பதின்மூன்று நாள் என் உடம்பு அவருக்கு ரத்தம் கலந்த நீர் வழியும் ஒரு காயமாக மட்டுமே இருந்தது. டப்பாவை எடுத்ததும் அந்த எண்ணம் மட்டும் போய்விடுமா?

இதற்கு மேல் இன்னொன்று. நோயோடு இருக்கும் மனைவியிடம் ஆசையைக் காட்டுவது கேவலம் என்று நிறைய ஆண்கள் நினைக்கிறார்கள். 'அவளே உயிருக்குப் போராடி வந்திருக்கிறாள், நான் இதைப் போய்க் கேட்பதா' என்று வார்டு வராந்தாவில் ஒரு கணவர் என்னிடமே சொன்னார். உள்ளே அவர் மனைவி, 'என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை அக்கா' என்று சொல்லி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. நீங்கள் ஒளிவதை அவர் 'கிட்டே வராதே' என்று படிக்கிறார். அவர் தள்ளிப் படுப்பதை நீங்கள் அருவருப்பு என்று படிக்கிறீர்கள். பேசாதவரை இது மாறாது.

சரி, பேசலாம். எப்படி ஆரம்பிப்பது? வாயைத் திறந்தாலே அழுகைதான் வருகிறது.

இரவில், கட்டிலில் ஆரம்பிக்காதீர்கள். அங்கே எதைச் சொன்னாலும் அது இன்றைக்கு வேண்டும் அல்லது வேண்டாம் என்ற பேச்சாகிவிடும். பகலில், இரண்டு பேரும் நன்றாக உடுத்தியிருக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடமாகப் பாருங்கள். ரிவ்யூ முடிந்து திரும்பும் பஸ், மொட்டை மாடி, சாயங்கால நடை, எதுவானாலும் சரி. பத்து நிமிடம் போதும். முன்னாலேயே 'நாளைக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், கேட்டா போதும், பதில் சொல்ல வேண்டாம்' என்று சொல்லி வைத்தால் அவரும் பதறமாட்டார்.

என்ன சொல்வது? அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத விஷயங்களைச் சொல்லுங்கள். எங்கே மரத்திருக்கிறது, எங்கே கூசுகிறது, எதற்காக விளக்கை அணைக்கிறீர்கள், எது இப்போது வேண்டாம், எது இப்போதும் வேண்டும். 'என்னை இன்னும் பிடிக்குமா?' என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு அவரால் ஒரே பதில்தான் சொல்ல முடியும், அந்தப் பதிலை நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். 'நீங்க என்னைக் கண்டுக்கிறதே இல்ல' என்று ஆரம்பித்தாலும் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார்.

நான் மாடியில் துணி எடுக்கும்போது ஆரம்பித்தேன். வீட்டிலேயே மூன்று நான்கு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"என்னங்க, ஆபரேஷன் ஆன இடத்தை உங்களுக்குக் காட்ட எனக்குக் கூச்சமா இருக்கு. அதனாலதான் பாத்ரூம்லயே துணி மாத்துறேன். உங்க மேல கோபம் எதுவும் இல்ல."

அவர் கையில் இருந்த வேட்டியை மடித்துக்கொண்டே இருந்தார்.

"அந்த இடத்துல தொட்டா எனக்குத் தெரியாது, மரத்துப்போச்சு. ஆனா அக்குள் ஓரத்துல சுருக்குன்னு மின்சாரம் மாதிரி இழுக்கும். இப்போதைக்கு வேற எதுவும் வேண்டாம். ஆனா பக்கத்துல படுங்க. கையைப் பிடிச்சுக்கிட்டா போதும்."

கொஞ்ச நேரம் ஒன்றுமே சொல்லவில்லை. அப்புறம், "குழாய் எடுத்த அன்னிக்கு ராத்திரி உன் மேல கை போட்டேன். நீ கத்தின. எங்கயோ கிழிஞ்சுபோச்சோன்னு பயந்துட்டேன். அதுக்கப்புறம் எனக்குத் தைரியம் வரல" என்றார்.

எனக்கு அந்த இரவு நினைவிலேயே இல்லை. அக்குள் நரம்பில் கை பட்டு வலியில் கத்தியிருப்பேன். நான் மறந்துபோன ஒரு நொடியை வைத்து அவர் பதினொரு மாதம் ஓரத்தில் படுத்திருக்கிறார்.

பேசிய உடனே எல்லாம் மாறிவிடவில்லை. இரண்டு வாரம் வெறுமனே கையைப் பிடித்துக்கொண்டு படுத்தோம், அவ்வளவுதான். ஆனால் நான் குளியலறையில் புடவை கட்டுவதை அந்த மாதமே நிறுத்திவிட்டேன்.

வாயால் சொல்லவே முடியவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்புங்கள். ஒரு பெண் கணவர் டூட்டியில் இருக்கும்போது இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்பினார். நேரில் சொல்லியிருந்தால் பாதியில் அழுதிருப்பேன், இதில் நான்கு தடவை அழித்து அழித்துப் பேச முடிந்தது என்றார்.

தழும்பைக் காட்டும்போது அவர் முகம் மாறினால் என்ன செய்வது?

மாறும். அதற்கு இரண்டு பேரும் தயாராக இருக்க வேண்டும். திடீரென்று பார்க்கும் எவருக்கும் முதல் நொடியில் ஒரு திடுக்கிடல் வரும். உங்களுக்கும் கண்ணாடியில் அதுதான் வந்தது. அந்த நொடியை வைத்து அவர் மனதை எடைபோடாதீர்கள்.

அதிர்ச்சியைக் குறைக்க, காட்டுவதற்கு முன்னால் வார்த்தையில் சொல்லிவிடுங்கள்: 'காம்பு இருக்காது, தட்டையா இருக்கும், ஒரு கோடு இருக்கும், இன்னும் கறுப்பு போகல.' போட்டோவில் முதலில் காட்டியவர்களும் உண்டு, காட்டியதும் அழித்துவிடுங்கள். நாள், நேரம், வெளிச்சம் எல்லாம் உங்கள் முடிவு. ஜன்னல் திரை போட்ட பகல் வெளிச்சம் டியூப்லைட்டைவிட மென்மையாக இருக்கும். 'ஒரு நிமிஷம் பாருங்க, எதுவும் சொல்ல வேண்டாம், நான் மூடிட்டா அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டுக் காட்டுங்கள். அவர் அழுதால் அழட்டும்.

அடுத்த படி தொடுதல். இதற்கு ஒரு முறை இருக்கிறது. 1960களில் அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் தம்பதிகளுக்காக உருவாக்கியது, இன்றும் ஆலோசகர்கள் இதைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லித் தருகிறார்கள். முதலில் சில வாரங்களுக்கு உறவு கிடையாது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், 15, 20 நிமிடம், ஒருவர் தொடுவார், மற்றவர் பேசாமல் கவனிப்பார். பிறகு மாற்றிக்கொள்வார்கள். தலை, முதுகு, கை, பாதம் வரைதான். மார்பும் அந்தரங்க உறுப்புகளும் பிற்பாடு, அதுவும் நீங்கள் தயார் என்று சொன்ன பிறகு.

இதில் வேலை செய்வது அந்தத் தடைதான். தொட்டால் அடுத்தது அதுதான் என்று பயந்துதான் நாம் தொடவே விடாமல் இருந்தோம். அது நடக்காது என்று முன்பே பேசி வைத்துவிட்டால் தொடுகையைத் தொடுகையாகவே வாங்கிக்கொள்ள முடிகிறது. இதில் கெடுவதும் இந்த இடத்தில்தான். மூன்றாம் நாளே இரண்டு பேரில் ஒருவர் 'இன்னைக்கு ஒரு தடவை' என்று விதியை உடைத்தால், அடுத்த தடவை உங்கள் உடம்பு மறுபடி இறுகிவிடும்.

அறையில் ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். ஆபரேஷன் ஆன பக்கம் அவர் படுக்கும் பக்கமாக இருந்தால் இடத்தை மாற்றிப் படுங்கள். அந்தக் கைக்கு அடியில் ஒரு மெல்லிய தலையணை வைத்தால் தோள் இழுக்காது. முழுக்கக் களைய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மெல்லிய பருத்தி உள்சட்டையைப் போட்டுக்கொண்டே இருக்க விரும்பினால் அப்படியே இருங்கள். அதை அவரிடம் சொல்லிவிட்டால் அது ஒளிவது ஆகாது.

'எனக்கு ஒண்ணும் வித்தியாசமா தெரியல, நீ அழகாத்தான் இருக்க' என்று சொல்லி முடித்துவிடுகிறார். நான் நம்பவில்லை.

நம்ப முடியாதுதான். வித்தியாசம் இருக்கிறது, அது இரண்டு பேருக்கும் தெரியும். ஆறுதல் சொல்கிறேன் என்று அவர் பேச்சை மூடிவிடுகிறார். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'அழகா இருக்கேனான்னு நான் கேக்கல. போனது எனக்குத் துக்கமா இருக்கு. உங்களுக்கும் இருந்தா சொல்லுங்க.' என் வீட்டுக்காரர் கடைசியில், 'எனக்கும் அது இல்லாதது கஷ்டமாத்தான் இருக்கு' என்று சொன்னார். கேட்கும்போது வலித்தது. ஆனால் அவர் அதுவரை சொன்ன எந்தப் புகழ்ச்சியையும்விட அதைத்தான் நான் நம்பினேன். ஒருவர் இழப்பை ஒத்துக்கொண்ட பிறகுதான் அவர் சொல்லும் 'வேணும்' என்ற சொல்லும் உண்மையாகத் தெரிகிறது.

உறவின்போது எரிச்சலும் வலியும் தாங்க முடியவில்லை. மனசு ஒட்டாததால் இப்படியா?

மனசைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் மாத்திரையைப் பாருங்கள். கீமோ சூலகத்தைத் தாக்கி மாதவிடாயை நிறுத்தலாம். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் தரும் லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் போன்ற மாத்திரைகள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் குறைத்துவிடும். பிறப்புறுப்பின் தோல் மெலிந்து, ஈரம் வற்றிப்போகும். டாமாக்ஸிஃபென் சாப்பிடும் சிலருக்கும் வறட்சி வரும். ஆசை இருந்தாலும் வலிக்கும். நாலு தடவை வலித்தால் ஆசையும் போய்விடும். அப்புறம் 'எனக்கு அழகும் போச்சு, ஆசையும் போச்சு' என்று இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறோம்.

இதற்கு வழி இருக்கிறது. உறவின்போது தடவ, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட லூப்ரிகன்ட் ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும். இது தவிர, வாரத்தில் இரண்டு மூன்று தடவை உள்ளே வைக்கும் ஈரப்பதம் தரும் ஜெல்லும் உண்டு. அதை உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடாமல் போட வேண்டும், பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஆணுறை பயன்படுத்தினால் தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பர் கிழிந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கிரீமைத் தோழி சொன்னாள் என்று வாங்கிப் போடாதீர்கள். ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுநோய் என்றால் உங்கள் புற்றுநோய் மருத்துவர் சம்மதித்தால்தான் அது.

மாதவிடாய் நின்றாலும் கர்ப்பம் தரிக்கலாம். சிகிச்சை நடக்கும்போது அது கூடாது. கருத்தடை மாத்திரை நமக்குச் சரிவராது, ஆணுறையோ ஹார்மோன் இல்லாத காப்பர்-டியோ பற்றிக் கேளுங்கள். கீமோ ஏற்றிய பிறகு சில நாள் உடம்பு நீர்களில் மருந்து இருக்கும் என்பதால் அந்த நாட்களில் ஆணுறை அவசியம். ரத்த அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நேரத்தில் உறவே வேண்டாம், டாக்டரிடம் எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிவ்யூவில் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். நான் மருந்துச் சீட்டின் பின்னால் 'தாம்பத்தியத்தில் வலி இருக்கிறது, மாத்திரையாலா?' என்று எழுதி நீட்டினேன். டாக்டர் படித்துவிட்டு மிகச் சாதாரணமாகப் பதில் சொன்னார்.

மாமியார் என்னைத் தனியாகப் படுக்கச் சொல்கிறார். என் கணவருக்கும் தொற்றிவிடும் என்கிறார்.

மார்பகப் புற்றுநோய் தொற்றாது. முத்தத்தாலோ, உறவாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ வராது. வெளியே இருந்து இயந்திரத்தால் தரும் கதிர்வீச்சும் உங்கள் உடம்பில் தங்காது, வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கலாம். உங்களுக்கும் மாமியாருக்கும் நடுவில் இதை வாதமாக்க வேண்டாம். அடுத்த ரிவ்யூவுக்கு அத்தையையோ கணவரையோ உள்ளே கூட்டிப்போய், டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

முடியும் போய், உடம்பும் பெருத்துவிட்டது. தழும்பைவிட இதுதான் எனக்குக் கஷ்டம்.

பலர் இப்படிச் சொல்கிறார்கள். தழும்பு ரவிக்கைக்குள் இருக்கிறது, தலை ஊருக்கே தெரிகிறது. முடியைக் கொட்ட வைக்கும் கீமோ என்றால் முதல் டோஸ் முடிந்து இரண்டு, மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். புருவமும், உடம்பில் மற்ற இடத்து முடியும்கூடப் போகலாம், இதைக் கணவருக்கு முன்பே சொல்லி வையுங்கள். கடைசி டோஸுக்குப் பிறகு சில மாதத்தில் முடி திரும்பி வரும், முதலில் சுருட்டையாக வருவதும் உண்டு. எடை கூடுவதற்கு ஸ்டீராய்டும், நடமாட்டம் குறைந்ததும், மாதவிடாய் நின்றதும் காரணமாக இருக்கலாம். நீங்கள் நிறையச் சாப்பிட்டதற்கான தண்டனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு யோசனை: முடி கொட்ட ஆரம்பித்ததும் மொட்டை அடிக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். தலையணை முழுக்க முடியோடு தனியாக எழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

செயற்கை மார்பகம் வைத்தால், அல்லது திரும்ப உருவாக்கும் ஆபரேஷன் செய்தால் இந்தக் கூச்சம் போய்விடுமா?

வெளியே போகும்போதான கூச்சம் நிறையக் குறையும். முதல் வாரங்களில் பஞ்சு வைத்ததோ நூலால் பின்னியதோ போதும், எடையில்லாமல் இருக்கும். புண் ஆறிய பிறகு, ஆறு எட்டு வாரத்தில், சிலிக்கானில் செய்ததை அளவெடுத்து வாங்கலாம். விலை கட்டுப்படியாகாதவர்கள் துணிப்பையில் கடுகு நிரப்பித் தைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எடை மட்டும் மறுபக்கத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ரவிக்கை ஒரு பக்கம் ஏறி நிற்கும், தோளும் வலிக்கும்.

திரும்ப உருவாக்குவதை வயிற்றுச் சதை, முதுகுத் தசை, அல்லது சிலிக்கான் பை கொண்டு செய்கிறார்கள். வருடங்கள் கழித்தும் செய்யலாம். ஆனால் உடை போட்டால் அழகாகத் தெரிகிற அளவுக்குப் பழைய உணர்ச்சி திரும்புவதில்லை, புதிய தழும்பும் வரும். கணவர் முன்னால் உள்ள கூச்சத்துக்காக மட்டும் இதை முடிவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் அவரோடு பேசிவிடுங்கள். பேசிய பிறகும் உங்களுக்காக வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள்.

நான் கணவன். என் மனைவி என்னிடமிருந்து ஒளிகிறாள். நான் என்ன சொல்ல வேண்டும்?

தம்பி, ஒளிவதைப் பார்த்துவிட்டதாகக் குற்றம் சொல்லாமல் சொல்லுங்கள். 'நீ பாத்ரூம்ல துணி மாத்துறதைப் பாக்குறேன். அவசரம் இல்ல. நீ காட்டணும்னு நினைக்கிற அன்னிக்குக் காட்டு. அதுவரைக்கும் எங்க தொட்டா வலிக்காதுன்னு மட்டும் சொல்லு.' இதற்கு மேல் வேண்டாம். கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுவதும், விளையாட்டாகத் துணியை இழுப்பதும் கூடவே கூடாது. அவர்கள் உடம்பில் இத்தனை பேர் அனுமதி கேட்காமல் ஊசி குத்திவிட்டார்கள், நீங்களாவது கேட்டுவிட்டுத் தொடுங்கள். தினமும் தலைவாரிவிடுவது, அந்தப் பக்கத்துத் தோளுக்கான கைப்பயிற்சியைக் கூட நின்று எண்ணுவது, இதெல்லாமும் தொடுதல்தான்.

பேசினேன். அவர் 'உனக்கு இனிமே எதுக்கு இதெல்லாம்' என்று கிண்டல் செய்தார்.

அப்படி ஒரு தடவை சொன்னால் அது பதற்றத்தில் வந்த மோசமான வார்த்தையாக இருக்கலாம். 'இது எனக்கு வலிச்சுது, திரும்பச் சொல்லாதீங்க' என்று அன்றைக்கே சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொன்னாலோ, மற்றவர் முன்னால் சொன்னாலோ, விருப்பம் இல்லாதபோது வற்புறுத்தினாலோ அது உங்கள் தழும்பு சம்பந்தப்பட்ட பிரச்சினையே இல்லை. அவருக்குப் புரிய வைக்க இன்னும் நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான 181 உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

எப்போது வெளியே உதவி தேட வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், குளிக்கவே மனம் வராமல் உடம்பை வெறுத்தால், 'நான் பிழைத்தே இருக்கக்கூடாது' என்ற எண்ணம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை பெறும் மருத்துவமனையில் மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று வார்டு நர்ஸிடம் கேளுங்கள், பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் பெரும்பாலும் இருப்பார்கள். ஊரில் யாரும் இல்லையென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். முதல் தடவை என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், 'எனக்கு மார்பகம் எடுத்திருக்கிறார்கள், என் கணவரிடமிருந்து ஒளிந்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்லுங்கள். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.